வேன் வாடகையும் கடலை மிட்டாயும்: பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது பற்றி

*அண்ணாச்சி, கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி கிளப்பில் பெண் பிள்ளைகள் அணிக்கு (14 வயதுக்கு உட்பட்டவர்கள், 16 பேர்) மேனேஜர் மாதிரி கூடமாட வேலை பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. அடுத்த மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் லீக் மேட்ச். வண்டிக்கும் செலவுக்கும் உதவி கேட்டு பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். போன வருஷமும் எழுதினேன், மூன்று பேர்தான் பதில் சொன்னார்கள். என்ன எழுதினால் பதில் வரும்? யார் காரிலாவது பிள்ளைகளை ஏற்றிப் போகலாமா? பணம் எப்படித் திரட்டுவது?*

தம்பி, போன வருஷக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் “தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று ஒரு வரி இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் எழுதினேன். தீப்பெட்டி ஆபீசில் வாரச் சம்பளம் வாங்கும் அம்மா அதைப் படித்தால் ‘இயன்ற உதவி’ என்றால் நூறு ரூபாயா, ஆயிரம் ரூபாயா என்று தெரியாது. நூறு கொடுத்தால் கேவலமாக நினைப்பார்களோ, ஒன்றும் கொடுக்காவிட்டால் பிள்ளையை ஆடவிட மாட்டார்களோ என்று யோசித்து, கடைசியில் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். அவருக்கு உதவ மனசில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அவருக்கோ கேள்வியே புரியவில்லை.

அதனால் கடிதத்தைத் தொடுவதற்கு முன்னால் கணக்கைப் போடுங்கள். எத்தனை ரூபாய் துண்டு விழுகிறது, எந்த நாள் எத்தனை மணிக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியாத வரை மற்றவர்களிடம் கேட்க உங்களிடம் ஒன்றுமில்லை.

வண்டியிலிருந்து தொடங்குவோம், பணமும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. 16 பிள்ளைகள், கோச், நீங்கள், இரண்டு அம்மாமார், ஆக 20 பேர். கோச்சும் நீங்களும் ஆண்கள் என்றால் அந்த இரண்டு அம்மாமார் கட்டாயம். 12, 13 வயதுப் பெண் பிள்ளைக்குப் பயணத்தில் மாதவிலக்கு வந்தால் கோச்சிடம் வந்து சொல்ல மாட்டாள், வயிற்றுவலி என்று ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு அம்மா என்றால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு பிள்ளைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ஒருவர் அவளோடு போவார், மற்றவர் மீதிப் பிள்ளைகளோடு இருப்பார்.

20 பேருக்கு 21 சீட்டர் வேன் சரியாக வரும். ஆனால் கோல்கீப்பர் கிட்டை மறந்துவிடாதீர்கள். கால் பேடு, கிக்கர், ஹெல்மெட், செஸ்ட் கார்டு எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் படுத்திருக்கிற அளவு பை ஆகும். இரண்டு கோல்கீப்பர் என்றால் இரண்டு பை. வேன்காரரிடம் பேசும்போதே மேலே கேரியரோ பின்னால் டிக்கியோ இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வருஷம் நாங்கள் கேட்கவில்லை, இரண்டு பிள்ளைகள் மதுரை வரை பேடு மேல் உட்கார்ந்து வந்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட கார் விஷயம். பெற்றோர் யாராவது தன் சொந்தக் காரில் நான்கு பிள்ளைகளை இலவசமாகக் கூட்டிப் போவதில் தப்பில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் பேப்பரைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். கார் பாலிசி பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, பேக்கேஜ் பாலிசி, பலர் ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று சொல்வது. மற்றது மூன்றாம் நபர் பாலிசி மட்டும், அதாவது தேர்டு பார்ட்டி. தேர்டு பார்ட்டி மட்டும் இருக்கிற சொந்தக் காரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு அடிபட்டால் அந்த பாலிசி அவருக்கு உதவாது. பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணம் செய்கிறவருக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் பழைய காருக்குப் பாதிப் பேர் போலீசுக்குக் காட்டுவதற்காகத் தேர்டு பார்ட்டிதான் போட்டு வைத்திருப்பார்கள். இதைக் கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். அதனால் ஆளைப் பார்த்துக் கேட்காமல், கார் தருகிற எல்லோரும் பாலிசி முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பொது விதி என்றால் யாருக்கும் கோபம் வராது.

அந்தக் காருக்குக் கிளப்பிலிருந்து வாடகை கொடுக்கக் கூடாது. வெள்ளை போர்டு வண்டி காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் அது வாடகை ஓட்டம். பெர்மிட் இல்லாத ஓட்டம் என்று ஆர்டிஓ பிடிக்கலாம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகச் சொல்லும். ‘தெரிந்த பையன், ஆம்னி வைத்திருக்கிறான், பெட்ரோலும் பேட்டாவும் கொடுத்தால் போதும்’ என்று யாராவது வருவார்கள். வேண்டாம். வாடகை என்றால் மஞ்சள் போர்டுதான். வேன் பேசியதும் நம்பரை வாங்கி mParivahan செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்சி எது வரை, இன்ஷூரன்ஸ் எது வரை என்று அதிலேயே தெரியும். இரண்டு நிமிஷ வேலை.

குட்டியானையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் நம் பக்கம் அணிகள் அதில்தான் போய்க்கொண்டிருந்தன, இன்னமும் சில போகின்றன. நானே ஒருமுறை பையன்கள் அணியை லோடு வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, சாத்தூர் தாண்டுவதற்குள் போலீஸ் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அன்று மேட்ச் போய்விட்டது. எங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது பிறகுதான். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற ஆளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 கடைசியிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று ஒரு வக்கீல் நண்பர் விளக்கினார். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் வீட்டுக்குக் கால் காசு வந்திருக்காது. கடிதத்தைப் பார்த்து ஒரு அப்பா நல்ல மனசோடு ‘என் லோடு வண்டியைத் தருகிறேன்’ என்பார். பேடு, ஸ்டிக், பந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம் என்று சொல்லி நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மட்டும் ஏற்றாதீர்கள்.

ஆனால் உண்மையான போக்குவரத்துப் பிரச்சினை மதுரை ரோட்டில் இல்லை. இங்கேயிருந்து மதுரை நூறு கிலோமீட்டர் சொச்சம், நான்கு வழிச்சாலை, எட்டூர்வட்டத்திலும் கப்பலூரிலும் டோல் கட்டினால் ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போய்விடலாம். பிரச்சினை, வீட்டிலிருந்து வேன் நிற்கிற இடம் வரை. காலை 7.30க்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் 5 மணிக்கு இங்கே வேன் கிளம்ப வேண்டும். கழுகுமலையிலிருந்தும் நாலாட்டின்புதூரிலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் வருகிற பிள்ளைகள் 4.45க்கு எப்படி வருவார்கள்? அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. இரவு திரும்பும்போது எட்டரை, ஒன்பது. போன வருஷம் உங்கள் பிள்ளைகளில் யாராவது கடைசி நேரத்தில் ‘வயிற்றுவலி’ என்று வராமல் இருந்திருந்தால், ஊர் எது என்று பாருங்கள். பெரும்பாலும் தூரத்து ஊராகத்தான் இருக்கும்.

இங்கேதான் பெற்றோரால் நிஜமாகவே உதவ முடியும். கார் வைத்திருப்பவர் 16 வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனால் பைக்கோ டிவிஎஸ் எக்ஸ்எல்லோ ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிள்ளைகளை ஊர் வாரியாக இல்லாமல் ரோடு வாரியாகப் பிரியுங்கள். கழுகுமலை ரோட்டில் நான்கு பிள்ளைகள் என்றால், நான்கு அப்பாக்களும் நான்கு வாரமும் விடிகாலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை. வேன்காரரிடம் பேசி, அந்த ரோட்டில் ஒரு இடத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கிலோமீட்டர் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்த ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து விடுவது மட்டும் வீட்டார் வேலை. வேன் வர முடியாத ரோட்டுக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பைக்கில் ஒரு பிள்ளை, அவளுக்கும் ஹெல்மெட். மூன்று பேரை உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினால் சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போனால் செலவு பாதிக்கும் கீழே குறையும், உண்மைதான். மதுரையில் இறங்கியபிறகு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் டிக்கெட் கிடையாது, 2021லிருந்து பெண்களுக்கு இலவசம். நீங்களும் கோச்சும்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் மேட்ச் இருக்கிற வாரத்தில் இதைத் தாராளமாகச் செய்யலாம். காலை முதல் மேட்ச் என்றால் செய்யாதீர்கள். வார்ம் அப் முடிந்த பிறகு போய் நிற்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சரி, கணக்கு. நான்கு வாரமும் வேனில் போவதாகவே வைத்துக்கொள்வோம். விலையை நீங்கள் மூன்று வேன்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், நான் கணக்குக்காக உருண்டையாகப் போடுகிறேன். ஒரு நாள் வேன், டீசல், டிரைவர் பேட்டா உட்பட 8,500 ரூபாய் என்றால் நான்கு நாளுக்கு 34,000. காலைச் சாப்பாடு வீட்டிலிருந்து. மதியம் தலைக்கு 80 ரூபாய் வீதம் 20 பேருக்கு 1,600, நான்கு நாளுக்கு 6,400. லீக் நுழைவுக் கட்டணம் 3,000. டோல், பார்க்கிங், ஐஸ், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்த்து 1,600. மொத்தம் 45,000. கிளப் கையில் 9,000 இருக்கிறது என்றால் துண்டு விழுவது 36,000.

இதை 16ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 2,250 ரூபாய். இந்த எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள், ஆனால் அதைக் கேட்காதீர்கள். கேட்பது 750 மட்டும். மீதியைச் சேர்ந்து திரட்டுவோம் என்று சொல்லுங்கள். 750 கேட்டால் 16 பேரும் தருவார்கள் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. 12 பேர் என்று வையுங்கள், 9,000. யாராவது தரவில்லை என்றால் உங்கள் திட்டம் உடையக் கூடாது, அந்தப் பிள்ளைக்கு அது தெரியவும் கூடாது.

மீதி 27,000. இதில் பெரிய துண்டைக் கடைகளிடம் வாங்க வேண்டும். ‘நன்கொடை தாருங்கள்’ என்று ரசீது புத்தகத்தோடு போனால் 200 எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதற்கே அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். ‘மூன்றாம் வாரம் எங்கள் வேன் வாடகை 8,500, அதை உங்கள் கடை ஏற்றுக்கொள்ளுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு முழுப் பொருளை ஏற்றுக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. இரண்டு கடை இரண்டு வாரத்தை ஏற்றால் 17,000 ஆகிவிடும். பெற்றோரிடம் கடிதத்தில் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, அறிமுகத்தை. ‘நீங்கள் வேலை பார்க்கிற மில், கடை, ஆபீசில் முதலாளியிடம் எங்களைக் கூட்டிப் போக முடியுமா? பேசுவது எங்கள் பொறுப்பு’ என்று. காசில்லாத அப்பாவும் இதற்குத் தலைநிமிர்ந்து ‘சரி’ என்பார்.

கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். ஒன்று, வருமான வரிக்கு 80ஜி ரசீது தருவீர்களா? உங்கள் கிளப் அதற்குத் தனியாக அனுமதி வாங்கியிருந்தால்தான் தர முடியும். 1975ஆம் வருஷத்துச் சங்கச் சட்டத்தில் பதிவு செய்திருப்பது மட்டும் போதாது. இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு, போட்டோவும் பேனரும். வேனில் ஒரு துணி பேனர் கட்டலாம். பிள்ளைகள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு முன்னால் வீட்டில் சம்மதம் கேட்க வேண்டும். எலெக்‌ஷன் நெருங்குகிற வருஷம் என்றால் அரசியல் ஆள் ஒருவர் தானாகவே தேடி வருவார். அவர் ஃப்ளெக்ஸுக்குச் செலவழித்ததைப் பார்த்தால் நமக்குக் கொடுத்தது அதில் பாதிகூட இருக்காது.

இன்னும் 10,000. இதற்குத்தான் கடலை மிட்டாய். நம் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே 2020இல் கிடைத்துவிட்டது, விற்பதற்கு விளக்கம் தேவையில்லை. அரைக்கிலோ பாக்கெட் ஒன்று உற்பத்தியாளரிடம் மொத்தமாக 115க்கு வாங்கி 150க்கு விற்றால் 35 ரூபாய் நிற்கும். 300 பாக்கெட் விற்றால் 10,500. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேலே விற்கக் கூடாது. அதனால் லாபம் முழுக்க நீங்கள் வாங்குகிற விலையில்தான் இருக்கிறது, அங்கே பேரம் பேசுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம் அட்டையில் அச்சாகியிருக்கிற பாக்கெட்டையே வாங்குங்கள். வீட்டில் முறுக்கு சுட்டு விற்கலாமே என்று ஒரு அம்மா சொல்வார். சுவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் அதற்கும் பதிவு வேண்டும், ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பழி அந்த அம்மா மேல் விழும்.

முக்கியமான ஒன்று, ஆர்டர் எடுத்த பிறகு வாங்குங்கள். நான் ஒருமுறை உற்சாகத்தில் 150 பாக்கெட்டைக் கடனுக்கு எடுத்து வீட்டில் அடுக்கினேன். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பாகு இளகி, பிரித்த பாக்கெட்டெல்லாம் கையில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. 60 பாக்கெட் நின்றுபோனது. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் யார் வந்தாலும் காபியோடு கடலை மிட்டாய்தான். இப்போதெல்லாம் ஒரு ஞாயிறு ஆர்டர், பணத்தோடு. புதன்கிழமை கொள்முதல். வியாழன் மாலை பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவோம். ஒரு வீட்டுக்குப் பத்துப் பாக்கெட் என்றால் 160 போய்விடும். மீதி 140ஐ மில்லிலோ வங்கிக் கிளையிலோ வேலை பார்க்கிற இரண்டு பெற்றோர் ஆர்டர் எடுத்தே முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் ஜெர்சி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்குவதை மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

குலுக்கல் சீட்டு போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பத்து ரூபாய் சீட்டு, முதல் பரிசு மிக்சி. தமிழ்நாட்டில் லாட்டரி 2003லிருந்து தடை. நம் நோக்கம் நல்லது என்பதால் சீட்டு வேறொன்றாகிவிடாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பணம் எங்கே வருகிறது என்பது பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிடப் பெரிய விஷயம். உங்கள் சொந்த ஜிபே நம்பரைப் போடாதீர்கள். உங்கள் நாணயத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே கணக்கில் உங்கள் வீட்டு கேஸ் பில்லும் மச்சானுக்கு அனுப்பிய பணமும் கலந்திருக்கும், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கிளப் பேரில் கணக்கு இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு பெற்றோர் பேரில், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்கிற கூட்டுக் கணக்கு. கணக்கு எழுத ஒரு அம்மாவைப் பிடியுங்கள். மகளிர் குழுவில் புத்தகம் எழுதிய அனுபவம் உள்ளவர் 16 வீட்டில் ஒருவராவது இருப்பார், நம் எல்லோரையும்விட சுத்தமாக எழுதுவார். கோச் கையில் காசு போகவே கூடாது. அணியைத் தேர்ந்தெடுக்கிறவரும் காசு வாங்குகிறவரும் ஒரே ஆள் என்றால், உட்கார வைக்கப்பட்ட பிள்ளையின் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்தால் கடிதம் தானாக வரும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு வணக்கம்.
>
> உங்கள் மகள் ____________ அடுத்த மாதம் நான்கு ஞாயிறும் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் லீக் ஆட்டத்துக்குப் போகிறாள். வேன் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பும். கோச்சும் நானும் இரண்டு அம்மாமாரும் கூட வருவோம்.
>
> நான்கு பயணத்துக்கும் மொத்தச் செலவு 45,000 ரூபாய். வேன் 34,000, மதியச் சாப்பாடு 6,400, நுழைவுக் கட்டணம் 3,000, டோலும் முதலுதவியும் 1,600. கிளப்பில் 9,000 இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 2,250 ஆகிறது. அதில் நீங்கள் 750 கொடுத்தால் போதும், இரண்டு தவணையிலும் கொடுக்கலாம். மீதியைக் கடைகளிடம் கேட்டும் கடலை மிட்டாய் விற்றும் திரட்டுகிறோம்.
>
> பணம் கொடுக்க முடியவில்லை என்றால் கீழே ஒரு டிக் போடுங்கள், காரணம் எழுத வேண்டாம். யார் ஆடுவது என்பதைக் கோச் ஆட்டத்தைப் பார்த்து மட்டுமே முடிவு செய்வார். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.
>
> பணத்தைவிட எங்களுக்கு ஆள் உதவி அதிகம் தேவை. கீழே உள்ளதில் உங்களால் முடிந்த ஒன்றுக்கு மட்டும் டிக் போடுங்கள். இந்தச் சீட்டை வரும் ஞாயிறு காலைப் பயிற்சிக்கு மகளிடம் கொடுத்து அனுப்புங்கள்.
>
> ☐ ஒரு ஞாயிறு நான் (அம்மா / பாட்டி / அக்கா) வேனில் கூட வருகிறேன். தேதி: ______
> ☐ பைக்கில் எங்கள் ரோட்டுப் பிள்ளை ஒருத்தியைக் காலையில் கொண்டுவந்து விடுகிறேன் / இரவு கூட்டிப் போகிறேன்.
> ☐ என் கார் ஒரு நாள் தருகிறேன், நானே ஓட்டுவேன். (பாலிசி முதல் பக்கம் போட்டோ அனுப்புகிறேன்.)
> ☐ நான் வேலை பார்க்கும் இடத்தில் முதலாளியிடம் அறிமுகம் செய்கிறேன்.
> ☐ பத்துப் பாக்கெட் கடலை மிட்டாய்க்கு ஆர்டர் எடுக்கிறேன்.
> ☐ 750 ரூபாய் தருகிறேன் / இரண்டு தவணையில் தருகிறேன்.
> ☐ இந்த முறை முடியவில்லை.

கடைசிக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும், பலருக்கும் தோன்றியது. எடுக்காதீர்கள். ‘முடியவில்லை’ என்று எழுத இடம் இருந்தால் முடியாதவரும் சீட்டைத் திருப்பி அனுப்புவார். 16 சீட்டும் திரும்பி வந்தால்தான் உங்களுக்கு எங்கே ஓட்டை என்று தெரியும். நான் முதல்முறை அந்தக் கட்டம் போட்ட வருஷம், அதற்கு டிக் போட்ட இரண்டு பேரில் ஒரு பாட்டி அடுத்த வாரமே வந்து ‘வேனில் நான் வரேன்யா, எனக்கு வேற என்ன வேலை’ என்றார். நான்கு வாரமும் அவர்தான் வந்தார்.

அனுமதிச் சீட்டை இதோடு சேர்க்காதீர்கள். ‘என் மகளை மதுரைக்கு அனுப்பச் சம்மதம்’ என்கிற கையெழுத்து, இரண்டு போன் நம்பர், ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை உண்டா என்பது எல்லாம் தனித் தாளில் தனி நாளில் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால், 750 இல்லாத வீடு சம்மதத்தையும் அனுப்பாது. மேட்சுக்கு முந்தைய நாள் இரவு நீங்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்க அலைவீர்கள். எனக்கு அப்படி ஒரு இரவு நினைவிருக்கிறது, கடைசிக் கையெழுத்தை வாங்கும்போது மணி பதினொன்றரை.

கடிதத்தை வெள்ளிக்கிழமை கொடுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்குகிற வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேசுவது அன்று இரவுதான். ஞாயிறு காலைச் சீட்டு வந்துவிடும். பெயரைக் கையால் எழுதுங்கள், அச்சடித்த கடிதத்தில் தன் மகள் பெயர் பேனாவில் இருந்தால் அதைத் தூக்கிப் போட மனசு வராது. படிக்கத் தெரியாத தாத்தா பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் உண்டு. அதே கடிதத்தை நீங்களே வாசித்து ஒன்றரை நிமிஷ வாய்ஸ் மெசேஜாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் முதல் ஆள் ‘நான் 2,000 தருகிறேன்’ என்று போட்டுவிட்டால் 750 தரவிருந்த ஏழு பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஞாயிறு சீட்டு வராத வீட்டுக்குத் திங்கள் மாலை போன் செய்யுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்காமல், ‘உங்கள் ரோட்டிலிருந்து பாப்பாவை எப்படி வேனுக்குக் கூட்டி வருவது?’ என்று மட்டும் கேளுங்கள். பேச்சு தானாக மற்றதுக்குப் போகும்.

அப்புறம், முதல் பயணம் முடிந்த மறுநாளே ஒரு சின்னக் கணக்கு எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். வந்தது எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு. கொடுத்தவர் பெயர் எதுவும் இல்லாமல். எதிர்பார்த்ததைவிடச் செலவு கூடியிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள், பார்க்கிங்குக்கு 100 ரூபாய் கூடக் கேட்டார்கள் என்பது வரை. இரண்டாம் தவணை 375 ரூபாயை நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் கணக்குச் சீட்டு போன வாரத்திலேயே பெரும்பாலும் வந்துவிடும்.